டாட்டை எங்க ஒளிச்சேன்னு கேட்டியே

மாப்ள சேகர்,

யூனிசெக்ஸ் சட்டைல டாட்ட, அதான் மார்புக்கு இடம் விட மடிச்சுத் தைக்கற பிடிப்ப, எங்க ஒளிச்சேன்னு நீ கேட்ட வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், பதில் பேசுறதவிட எழுதுறது ஈசின்னு உக்காந்துட்டேன். அம்மாவுக்கு கால் வலி பரவால்ல, பெரியவ காலேஜ் முடிச்சுட்டா. வீட்டு நியூஸ் அவ்ளோதான், மத்ததெல்லாம் சட்டைதான்.

நம்ம யூனிட்டுக்கு யூனிசெக்ஸ் சட்டை ஆர்டர் ஒண்ணு வந்துச்சு. ஆம்பள சட்டைய ரெண்டு சைஸ் பெருசா வெட்டுனா முடிஞ்சுதுன்னு நானும் உன்ன மாதிரிதான் நெனச்சேன். 38 சைஸ் பேட்டர்ன், தைச்சு முடிச்சா மார்பு சுத்தளவு 44, இடுப்புக்குக் கீழ சீட்ல 43. பையன் போட்டான், மார்பு 38, சீட் 37, அருமையா நின்னுச்சு. அதே மார்பு 38 இருக்க பொண்ணு போட்டா, அவளுக்கு சீட் 41. ரெண்டே இஞ்ச் லூஸ்தான், சட்டை கீழ இறங்காம சீட்டு மேலயே ஏறி உக்காந்துக்குது. மார்பு உயரம் கொஞ்சம் துணிய இழுத்துக்குறதால முன்பக்கம் ஒரு இஞ்ச் தூக்குது, மார்புலேர்ந்து சைடு தையலுக்கு சாய்வா சுருக்கம், நடு பட்டன்கிட்ட வாய் பொளக்குது. அந்த சாய்வு சுருக்கம் தெரிஞ்சா லூஸ் பத்தலன்னு நெனைக்காத, டாட் இல்லாத குறை அது. சைஸ் ஏத்துனா ஷோல்டர் கைல தொங்கும், கழுத்து நிக்காது, சுருக்கம் மட்டும் போகாது. நான் ஏத்திப் பாத்து ஒரு துணிய வீணாக்குனேன்.

அப்புறம்தான் உறைச்சுது. ஆம்பள சட்டை பொம்பள சட்டைன்னு பிரிக்கறது மூணே இடம்தான், ஷோல்டர் தையல், மார்பு டாட், சீட். இந்த மூணும் உடம்புல 'இங்கதான் நிக்கணும்'னு சொல்லாத மாதிரி வெட்டிட்டா போதும்.

ஷோல்டர ரெண்டு இஞ்ச் கீழ இறக்கிட்டேன், தையல் கைமேல விழுது, யாருக்கு எவ்ளோ அகலம்னு தெரியாது. கை மேல்வளைவோட உயரம் 5 இஞ்ச் இருந்தத 3 ஆக்குனேன், இல்லன்னா அக்குள்ல துணி மடிஞ்சு குவியும். அப்புறம் கை நீளத்துல அதே ரெண்டு இஞ்ச குறைக்கணும், நான் முதல் சாம்பிள்ல மறந்துட்டு விரல் வரைக்கும் தொங்க விட்டேன், மேனேஜர் சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. மார்பு, சீட் ரெண்டும் நேரா 46, சைடுல அஞ்சு இஞ்ச் ஸ்லிட். சீட் பெருசா இருந்தா ஸ்லிட் விரியும், இல்லன்னா மூடிட்டு நிக்கும்.

டாட்டத்தான நீ கேட்ட. ஷோல்டர் தையல முன்பக்கம் ரெண்டு இஞ்ச் இறக்கி யோக் மாதிரி தோள்மேல தனித் துண்டா வச்சு, டாட்டுக்கு வேண்டிய துணிய அந்த தையல்ல சின்ன சுருக்கா விட்டேன், முன் நீளம் அரை இஞ்ச் கூட்டினேன். பொண்ணு போட்டா அங்க மார்புக்கு இடம் கிடைக்குது, பையன் போட்டா சும்மா சுருக்கு வச்ச டிசைன்னுதான் தோணும். பட்டன் பட்டில வலப்பக்கம் மேலயா இடப்பக்கம் மேலயாங்கற ஆம்பள பொம்பள பழைய சண்டைய ஜிப்பா மாதிரி தலைவழியா போடற பாதி பட்டி வச்சு முடிச்சுட்டேன், அதுலயும் ஒரு பக்கம் மேல வரத்தான் செய்யும், ஆனா யாரு பாக்குறா.

இதே பேட்டர்ன பாப்ளின்ல வெட்டினா கூடாரம், மார்புலேர்ந்து நேரா கீழ தொங்குது. மெல்லிசான ரயான்ல வெட்டினா உடம்போட ஒட்டி, நாம ஒளிச்சதையெல்லாம் காட்டிக்குடுத்துடுது. நடுவுல லினன் காட்டன்தான் கேட்டுச்சு. முன்னாடியே துவைச்சுட்டு வெட்டு, சுருங்குனா உன் அளவெல்லாம் போச்சு.

இத்தாலி டிசைனர் அர்மானி 1970கள்ல ஆம்பள கோட்டுலேர்ந்து உள் லைனிங்கயும் பேடையும் எடுத்துட்டாருன்னு முன்னாடி பேசுனோமே, பொம்பள கோட்டுக்கும் அந்த மெத்துமைய கொண்டுபோனாரே. 1966ல பிரெஞ்சு டிசைனர் செயின்ட் லாரன்ட் பொண்ணுங்களுக்கு டக்ஸீடோ தைச்சது வேற கதை, அது ஆம்பள உடுப்ப பொண்ணு உடம்புக்கு அளவா வெட்டுனது, ஆம்பள பொம்பளன்னு பிரிக்கற கோடு அங்கயேதான் இருக்கு, யாரு தாண்டுறாங்கறதுதான் மாறுச்சு.

ஒண்ணு சொல்லிடுறேன், மார்பு ரொம்ப பெருசா இருக்கவங்களுக்கு இந்த சுருக்கு பத்தாது, தனி டாட்தான். பேன்ட்டுக்கு இன்னும் வழி தெரியல. இடுப்புல நாடா போட்டுடலாம், கவட்டி வளைவு ரெண்டு பேருக்கும் ஒண்ணா வர மாட்டேங்குது, முன்பக்கம் சரியானா பின்பக்கம் இழுக்குது. உன்கிட்ட பழைய பைஜாமா பேட்டர்ன் ஒண்ணு இருந்துச்சே, கவட்டில சதுரத் துண்டு வச்சது, அது இருந்தா பேப்பர்ல வரைஞ்சு பஸ்ல போட்டு விடு. சட்டை பேட்டர்ன நான் இந்த வாரம் அனுப்புறேன், கை நீளத்த நீ ஒருதரம் சரிபாரு.

உன் ரவி