நம் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு: வீட்டு வேலை செய்பவர்களின் சம்பளப் பிடித்தம் பற்றி

வணக்கம்.

வீட்டு வேலை செய்பவர்களின் சம்பளத்துக்கும் தீபாவளிப் பணத்துக்கும் எல்லா வீடுகளுக்கும் ஒரே முறை வேண்டும் என்று நீங்கள் சுற்றறிக்கை அனுப்பியது நல்ல விஷயம். ஆனால் அதிலுள்ள கணக்கு இரண்டு இடங்களில் தவறு. அது அவர்களுக்குப் பண இழப்பு.

முதலில் லீவு. மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுக்கச் சொல்கிறீர்கள். ஞாயிறு விடுமுறை என்பதால் அது சரி. ஆனால் விடுப்புக்கு நடுவில் வரும் ஞாயிற்றையும் பிடிக்கச் சொல்கிறீர்களே, அங்கேதான் தவறு. 26 ஆல் வகுக்கும்போதே ஞாயிறுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். முழு மாதமும் வராத ஒருவருக்கு உங்கள் முறையில் போட்டுப் பாருங்கள்: 30 நாளும் பிடித்தால் பிடித்தம் சம்பளத்தையே தாண்டிவிடும். ஞாயிற்றையும் எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் 30 ஆல் வகுக்க வேண்டும்.

எங்கள் வீட்டு அக்காவுக்கு மாதம் 5,200 ரூபாய், அதாவது நாளுக்கு 200. மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று பேசியிருக்கிறோம். செப்டம்பரில் தங்கை பிரசவத்துக்காக வியாழன் முதல் அடுத்த செவ்வாய் வரை வரவில்லை. ஞாயிறு போக ஐந்து வேலை நாள், பேசிய ஒரு நாள் போக நான்கு. 800 ரூபாய் பிடித்து 4,400 கொடுத்தோம். உங்கள் கணக்கில் 4,200தான் கிடைத்திருக்கும். அவர் ஒரு ஞாயிறு வந்து வேலை செய்தால் அதே 200 ரூபாயைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அப்புறம் தீபாவளி. தனி வீடுகளுக்கு போனஸ் சட்டம் பொருந்தாது. நாம் வைப்பதுதான் விதி. ஆண்டு முழுக்க வேலை செய்தவருக்கு ஒரு மாதச் சம்பளம், நடுவில் சேர்ந்தவருக்கு மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது நியாயமே. பண்டிகை 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று நகர்வதால், நவம்பர் முதல் அக்டோபர் வரை ஆண்டாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. அக்கா பிப்ரவரி முதல் தேதி சேர்ந்தார். அக்டோபரோடு ஒன்பது மாதம், ஆக 3,900 ரூபாய்.

நீங்களோ கடைசியாகக் கையில் கொடுத்த சம்பளத்தை வைத்துப் போடச் சொல்கிறீர்கள். 4,400ஐ வைத்தால் 3,300 ஆகிறது. வராத நாளுக்கு ஏற்கெனவே பிடித்தாயிற்று. அதே நாளுக்காகப் பண்டிகைப் பணத்திலும் 600 ரூபாய் ஏன் குறைய வேண்டும்? பேசிய சம்பளம்தான் அடிப்படையாக இருக்க வேண்டும். நாம் ஊருக்குப் போவதால் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்ன மாதங்களும் அவருடைய மாதங்களே.

இன்னொன்று. நடுவில் சேர்ந்தவருக்குப் பங்கு போட்டுக் குறைக்கிறோம் என்றால், ஆகஸ்டில் வேலையை விட்டுப் போகிறவருக்கும் அதே பங்கைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். இப்போது வெறுங்கையோடு போகிறார்கள். சேலை கொடுப்பது நம் விருப்பம், அதைப் பணத்தில் கழிக்கக் கூடாது.

இந்த மாதச் சம்பள நாளுக்குள் திருத்திய சுற்றறிக்கையை அனுப்புங்கள். ஏற்கெனவே ஞாயிற்றுக்கும் சேர்த்துப் பிடித்த வீடுகள் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இதே குடியிருப்பில் வசிக்கும் ஓர் உறுப்பினர்