அவசரப்பட்டது நாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பணப் பரிமாற்றச் செயலி ஒன்று பலரிடம் இருமுறை பணம் எடுத்துவிட்டதற்காக வெளியிட்ட விளக்கக் குறிப்பைத் தங்கள் வணிகப் பக்கத்தில் படித்தேன். மன்னிப்பை ஏற்றுக்கொள்ளலாம். ‘சில வாடிக்கையாளர்கள் அவசரப்பட்டு மீண்டும் பணம் செலுத்தியதால்’ என்ற வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த அவசரக்காரர்களில் நானும் ஒருவன். 3ஆம் தேதி மளிகைக் கடையில் 4,850 ரூபாய் செலுத்தினேன். செயலி ‘தோல்வி’ என்று சிவப்பில் காட்டியது. கடைக்காரரின் ஒலிப்பெட்டியும் வாய் திறக்கவில்லை. பின்னால் நான்கு பேர் நிற்க, மறுபடி ரகசிய எண்ணை அழுத்தினேன். வீடு வருவதற்குள் வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள். வங்கியின் பதில் வரத் தாமதமானால் ‘நிலுவையில்’ என்று காட்டிக் காத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டும். ‘தோல்வி’ என்று அறிவித்தவர்கள் அவர்கள். அதை நம்பியது மட்டுமே என் செயல்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் தபால் துறையில் இருந்தவன். மணியார்டர் போய்ச் சேராவிட்டால் அனுப்பியவர் மீது ஒருநாளும் பழி போட்டதில்லை. இன்றோ வங்கியில் கேட்டால் செயலியைக் கேளுங்கள் என்கிறார்கள். செயலியின் உதவி எண்ணில் பாட்டுத்தான் கேட்கிறது.

பணம் 14ஆம் தேதி திரும்பியது. ‘முழுத் தொகையும் அளித்துவிட்டோம்’ என்கிறது குறிப்பு. நடுவில் 5ஆம் தேதி, கணக்கில் பணம் போதாமல் என் வீட்டுக் கடன் தவணை திரும்பிப்போய், வங்கி 590 ரூபாய் அபராதம் பிடித்ததே, அது யார் கணக்கு?

தாங்கள் அறியாததல்ல. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யுபிஐ வழியாகக் கடைக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் தரும்வரை காத்திராமல் வழங்க வேண்டும். எனக்கு 8ஆம் தேதியே கெடு முடிந்தது. ஆறு நாள் தாமதத்துக்கு 600 ரூபாய் வர வேண்டும். ஒரு ரூபாயும் வரவில்லை. அவ்வளவு நீளமான குறிப்பில் இழப்பீடு என்ற சொல்லே இல்லை. அதைக் கேட்காமல் தாங்களும் அப்படியே அச்சிட்டதுதான் என்னை மேலும் வருத்தியது. நாற்பது ஆண்டு வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்த விதியை அதே பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக வெளியிடுங்கள். குறுஞ்செய்தியில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணுடன் வங்கியில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கோவில்பட்டி