43ஆம் பக்கம்

கண்ணு,

நோட்ஸிலிருந்து 43ஆம் பக்கத்தை எடுத்துவிட்டேன். இந்த ஜூனில் டியூஷனுக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு அது போகாது. நேற்று ராத்திரிதான் முடிவு செய்தேன். முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன் பழைய நம்பருக்குப் போன் போகவில்லை. நான் இங்கே எழுதுவதை நீ படிப்பதாக உன் செட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள், அதனால் இங்கேயே எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் எந்தப் பள்ளி, எந்த வருடம், பிரின்சிபால் யார் என்பதெல்லாம் இதில் இருக்காது. உனக்குத் தெரியும், அது போதும்.

தெரியாதவர்களுக்காக மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.சி. பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் முதல் தாளில் ஒரு புரொபோசல் எழுத வேண்டும். 10 மார்க், சுமார் 150 வார்த்தை. தலைப்பு, அறிமுகம், நோக்கங்கள், நடவடிக்கைகள், முடிவு என்று அதற்கு ஒரு அமைப்பு உண்டு. பள்ளியில் இங்கிலீஷ் கிளப் தொடங்கப் பிரின்சிபாலுக்கு எழுதும் புரொபோசல்தான் 43ஆம் பக்கத்தில் இருந்த மாடல் ஆன்சர்.

எனக்கு அந்தச் சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கரண்ட் போய், எல்லோரும் வராண்டாவுக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். நீ மட்டும் ஜன்னல் ஓரத்திலேயே இருந்து எழுதி முடித்துவிட்டு, லாங் சைஸ் நோட்டை என்னிடம் நீட்டினாய். புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளை, நூலகத்தில் பின் மேசை, இருபது பேர், அதில் பத்து பேர் இதுவரை மேடை ஏறாதவர்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, வார்த்தை கிடைக்காதவர் தமிழில் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவர் இங்கிலீஷில் எடுத்துக் கொடுப்பார் என்று ஒரு வரி. நான் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன். ஓரத்தில் "இங்கிலீஷ் கிளப்பில் தமிழா?" என்று எழுதினேன். அடியில் 212 என்று எண்ணிப் போட்டு வட்டமிட்டேன். அப்புறம், "43ஐப் பார்த்து அப்படியே எழுதிப் பழகு" என்றேன்.

நீ எதுவும் பேசவில்லை. பேனா மூடியை மூடித் திறந்து, மூடித் திறந்து, பக்கத்தைத் திருப்பினாய்.

அன்றைக்கு நான் சொன்னது எல்லாமே தப்பு என்று இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 150 கேட்கிற இடத்தில் 212 எழுதினால், மூன்று மணி நேரத் தாளில் அந்த நேரம் கட்டுரையிலிருந்தோ கிராமரிலிருந்தோதான் போகும். நீ "மதிப்பிற்குரிய மேடம்" என்று ஆரம்பித்து, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடித்திருந்தாய். அது கடிதம், புரொபோசல் இல்லை. நோக்கங்களையும் நடவடிக்கைகளையும் ஒரே பட்டியலில் கலந்திருந்தாய். கூச்சத்தைப் போக்குவது, அதற்கடுத்து வாரம் ஒரு கூட்டம், அதற்கடுத்து தன்னம்பிக்கை வளர்ப்பது. ஒரு வரி நடவடிக்கையா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இதை நாளைக் காலையில் ஒருவரிடம் சொல்லிச் செய்யச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார் என்று சொன்னேனே, அதை இப்போதும் எல்லா பேட்சுக்கும் சொல்கிறேன். "கூச்சத்தைப் போக்கு" என்று யாரிடமும் வேலை ஏவ முடியாது. "புதன்கிழமை நூலகத்தைத் திறந்து வை" என்று ஏவ முடியும்.

ஆனால் அந்த அளவுகோலை 43ஆம் பக்கத்தின் மேல் நான் ஒருநாளும் வைத்துப் பார்க்கவில்லை.

நீ அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். நீ சொல்லவில்லை. ஒரு பையனின் அம்மா கேட்டுக்கு வெளியே நின்று, போனைப் பார்த்து எனக்குப் படித்துக் காட்டினார். "மிஸ் நோட்ஸை நம்பிப் போனேன், ஒரு கேள்விக்கும் பதில் இல்லை" என்று நீ குரூப்பில் போட்டிருந்தது. கண்ணு, அது எனக்கு வலித்தது. பரீட்சைக்குத் தந்த தாளை ஆபீஸுக்கு எடுத்துப் போகச் சொன்னது யார்? போகும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உட்கார்ந்து சரி செய்து தந்திருப்பேனே. அம்பது பேர் பார்க்கிற இடத்தில் சொல்லத் தெரிந்த உனக்கு, நான் வராண்டாவில் உட்கார்ந்திருக்கும்போது நேரில் சொல்ல வரவில்லை. அடுத்த மாதம் நீ நின்றபோது உன் அப்பாதான் வந்து பீஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரின்சிபால் உன்னிடம் கேட்டவை என்னவென்று அப்புறம் தெரிந்துகொண்டேன். எந்த நாள்? எந்த அறை? கூட யார் இருப்பார்கள்? மூன்றே முக்காலுக்குப் பஸ் கிளம்பினால் பஸ்ஸில் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? பாதிக்கு மேல் உன் லாங் சைஸ் நோட்டில் பதில் இருந்தது. நான் அடித்த பக்கத்தில்.

சென்ற வாரம் 43ஐ எடுத்து வரி வரியாகப் படித்தேன். "வாராந்திரக் கூட்டங்கள் நடத்தப்படும். விவாதம், பேச்சுப் போட்டி, வினாடி வினா நடத்தப்படும். சிறப்பு விருந்தினர்கள் அழைக்கப்படுவார்கள்." நடத்தப்படும் என்றால் யார் நடத்துவது? அழைக்கப்படுவார்கள் என்றால் யார் கூப்பிடுவது? ஒரு வரியிலும் ஆள் இல்லை, நாள் இல்லை. இங்கிலீஷ் கிளப் என்ற இடத்தில் சயின்ஸ் கிளப் என்று மாற்றிப் பார்த்தேன், மற்ற எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. விவாதம், பேச்சுப் போட்டி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் யார் பெயர் கொடுப்பார்கள்? ஏற்கனவே கப் வாங்கியவர்கள்தான். கிளப் யாருக்குத் தேவையோ அவர்கள் அந்த நோட்டீஸைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உன் பத்து இடம் அதற்கான விடை. நான் அதை எண்ணிக்கை என்று மட்டும் பார்த்தேன்.

43இன் கடைசி வரி, "கிளப் நேரத்தில் அனைவரும் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும்." இதை நான் என் டியூஷனிலேயே ஒரு மாதம் செய்து பார்த்திருக்கிறேன். நன்றாகப் பேசுகிற மூன்று பேர் இன்னும் நன்றாகப் பேசினார்கள். மற்றவர்கள் எஸ் மிஸ், நோ மிஸ் என்பதோடு நின்றார்கள். சந்தேகம் கேட்பதே குறைந்துபோனது. "சாவி தொலைந்துவிட்டது" என்று சொல்ல வார்த்தை தெரியாத பையன், சாவி தொலைந்ததையே சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த பிறகும் உன் வரியை அடித்தேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். 212க்கு இல்லை.

சரி, புதுப் பக்கம் இதுதான். பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் போகும், இங்கே தமிழில் தருகிறேன்.

தலைப்பு: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இங்கிலீஷ் கிளப் தொடங்குவதற்கான புரொபோசல்.

அறிமுகம்: நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பலர் இங்கிலீஷில் நன்றாக எழுதினாலும் வகுப்பில் எழுந்து பேசத் தயங்குகிறார்கள். அவர்களுக்காக ஒரு கிளப் தொடங்க மாணவர் மன்றம் இந்தத் திட்டத்தை முன்வைக்கிறது.

நோக்கங்கள்: குறிப்பைப் பார்க்காமல் ஒரு நிமிடம் பேசப் பழக்குவது. இதுவரை மேடை ஏறாதவர்களுக்கு முதல் வாய்ப்புத் தருவது.

நடவடிக்கைகள்: புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் 25 நிமிடம் நூலகத்தில் கூடுவோம், பள்ளி பஸ்ஸில் போகிறவர்களும் வர முடியும். இருபது பேரில் பத்து இடம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாதவர்களுக்கு, அவர்கள் பெயரை வகுப்பாசிரியர் தருவார். பதினொன்றாம் வகுப்பு மாணவர் இருவர் நடத்துவார்கள், இங்கிலீஷ் ஆசிரியர்களில் ஒருவர் முறை வைத்து உடனிருப்பார். வார்த்தை தெரியாதவர் தமிழில் கேட்கலாம், கிடைத்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் சொல்வார். முதல் வாரமும் எட்டாவது வாரமும் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பேசுவார், எத்தனை நொடி பேசினார் என்று நோட்டில் குறிப்போம்.

முடிவு: எட்டு வாரத்துக்கு மட்டும் அனுமதி கேட்கிறோம். தனிச் செலவு இல்லை. எட்டாவது வார முடிவில் அந்த நோட்டைத் தங்கள் பார்வைக்கு வைப்போம்.

இருபது பேர் என்பதை நான் மாற்றவில்லை. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் இருபது நிமிடம், வந்து உட்கார ஐந்து நிமிடம், 25க்குள் முடிந்துவிடும். முப்பது பேர் என்றால் பத்து பேருக்கு முறை வராது, அந்தப் பத்தும் யாராக இருக்கும் என்று உனக்குத் தெரியும். நீ நடத்துகிறவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தாய், அதைப் பதினொன்றாக்கியிருக்கிறேன். பிரீ போர்டு நெருங்கினால் பன்னிரண்டில் யாரும் கிடைக்க மாட்டார்கள். எட்டு வாரம் என்பது என் சேர்க்கை. எப்போதைக்குமாக ஒரு கிளப் கேட்டால் பிரின்சிபால் யோசிப்பார், முடிகிற தேதியோடு கேட்டால் சரி என்பது சுலபம்.

பரீட்சைக்கும் இது பொருந்துகிறது. அறிமுகத்துக்கு 25 வார்த்தை, நோக்கங்களுக்கு 30, நடவடிக்கைகளுக்கு 75, முடிவுக்கு 20. இங்கிலீஷில் எழுதியபோது நடவடிக்கைகள்தான் மீறப் பார்த்தது. மூன்று முறை எழுதிக் குறைத்தேன். கையில் வாட்சைக் கழற்றி வைத்துக்கொண்டு எழுதினேன், உங்களை எழுதச் சொல்வது மாதிரியே. உன் 212க்குள் இந்த 150 இருந்தது கண்ணு. அதை உன்கூட உட்கார்ந்து வெட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு வராண்டாவில் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள் என்று சொல்லலாம். காத்திருந்தார்கள்தான். ஆனால் உன் நோட்டை மூடி, 43ஐத் திறந்து தர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

குரூப்பில் எழுதியதைப் பற்றி நீ எதுவும் சொல்ல வேண்டாம். எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, இருக்கட்டும்.

தமிழில் கேட்கலாம் என்கிற வரி உன்னுடையது. பத்து இடமும் உன்னுடையது. பக்கத்தின் அடியில் "இந்த இரண்டும் ஒரு பழைய மாணவியின் யோசனை" என்று போட நினைக்கிறேன், பெயர் இல்லாமல். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைக்குத் திங்கட்கிழமை காலையில் கொடுக்கிறேன், அதற்குள் சொல். என் நம்பர் மாறவில்லை.

மிஸ்