தெருவிளக்கை நகராட்சி ஏற்று நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
மூன்றாம் குறுக்குத் தெரு குடியிருப்போர் (42 வீடுகள்) சார்பாக,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவில் 9 விளக்குகளை நகராட்சிப் பராமரிப்பில் எடுத்துக்கொள்வது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் நேரில் வந்து கேட்டபோது, "நீங்களே சங்கம் வைத்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எரித்துக்கொள்ளலாமே, சின்னத் தொகைதானே" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நியாயமான யோசனைதான். அதைத்தான் 11 மாதம் செய்து பார்த்தோம். என்ன நடந்தது என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கவே இந்த மனு.

எங்கள் தெருவில் வீட்டு இணைப்புக்காக மின்வாரியம் நட்ட 9 கம்பங்கள் உள்ளன. தெருவிளக்குக்கான ஐந்தாவது கம்பி மட்டும் முதன்மைச் சாலை முனையோடு நின்றுவிட்டது. அதனால் மதில்களிலும், காலிமனை ஓரத்தில் நட்ட இரும்புக் குழாய்களிலும் 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஒன்பதை நாங்களே மாட்டினோம். வயர், கூலி எல்லாம் சேர்த்து 29,400 ரூபாய், வீட்டுக்கு 700. பத்தொன்பதே நாளில் வசூலாகிவிட்டது. காரணம், முழுப் பணமும் கைக்கு வராமல் ஏணியைச் சாய்க்க மாட்டேன் என்று எலக்ட்ரீஷியன் பிடிவாதமாக இருந்தார். கடைசியாக இரண்டு வீடு பாக்கி என்று தெரிந்ததும் அந்த இரண்டு வீட்டாரும் அன்று இரவே கொடுத்துவிட்டார்கள். தாங்கள் கொடுக்காவிட்டால் விளக்கே வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மாதச் சந்தாவில்தான் கதை மாறியது. ஒன்பது விளக்கும் தினம் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 65 யூனிட். அதற்கும் ரிப்பேருக்குமாக வீட்டுக்கு 30 ரூபாய் வைத்தோம். இரண்டு டீ காசு. முதல் மாதம் 40 வீட்டார் கொடுத்தார்கள். ஆறாம் மாதம் 23. பதினோராம் மாதம் 11 வீடு, மொத்தம் 330 ரூபாய். கரண்ட் செலவுக்கே காணாது.

கொடுக்காதவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. எதிர்வீட்டுத் தம்பி என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "சார், நான் 30 ரூபாய் கொடுத்தாலும் அதே வெளிச்சம், கொடுக்காவிட்டாலும் அதே வெளிச்சம்." அவர் கணக்கில் பிழையில்லை. விளக்கு ஏற்கெனவே எரிகிறது. அவர் வாசலில் விழும் வெளிச்சத்தை மட்டும் யாரும் வழித்தெடுக்க முடியாது. அவர் நடந்து போவதால் எனக்கு வெளிச்சம் குறைவதும் இல்லை. 1954-இல் பால் சாமுவேல்சன் பொதுப்பண்டம் என்று வரையறுத்ததும், நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டதும் இதைத்தான். ஓசிச் சவாரி என்ற பகுதியை வகுப்பில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். என் தெருவிலேயே அது நடக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

இதே 42 வீட்டாரும் தெருமுனைக் குடிநீர் இயந்திரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் போட்டுத்தான் கேன் பிடிக்கிறார்கள். அங்கே ஒருநாளும் பாக்கி இல்லை. காசு போடாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது, அவ்வளவுதான். விளக்குக்கு அப்படி நாணயப் பொந்து வைக்க வழியில்லை.

வைத்துப் பார்க்கவும் செய்தோம் ஐயா, வெட்கத்தோடு சொல்கிறேன். சந்தா தராத நான்கு வீடுகளின் முன்னால் இருக்கும் நான்காவது விளக்கை ஒன்பதாம் மாதம் அணைத்துவிட்டோம். அது வளைவில் இருக்கிறது. ஐந்தாம் நாள் இரவு, வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் அங்கே கொட்டியிருந்த ஜல்லியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர் வீட்டில் ஒரு மாதம்கூடச் சந்தா தவறியதில்லை. மறுநாளே விளக்கைப் போட்டுவிட்டோம்.

அவரவர் கேட் விளக்கைப் போட்டால் போதாதா என்றும் கேட்டார்கள். கேட் விளக்கு கேட்டைத்தான் காட்டும். எங்கள் தெருவில் 14 காலிமனைகள் இருக்கின்றன. இருட்டு இருப்பதே அங்கேதான். மனைக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், வசூலுக்குப் போனால் பூட்டிய வேலிதான் பதில் சொல்லும். ஆனால் காலிமனை வரி கேட்டு நகராட்சி அனுப்பும் நோட்டீஸ் அவர்களைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்கு வழியாக எங்கள் தெருவில் நடந்து போகும் அடுத்த தெருக்காரர்களும் அப்படியே. அவர்களிடம் நாங்கள் எந்த முகத்தோடு உண்டியல் நீட்டுவது? வரி அவர்களையும் தொடும்.

ரிப்பேரிலும் இதே சங்கடம். எல்.இ.டி. விளக்கு சட்டென்று சாகாது. உள்ளே கரண்ட்டைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற பாகம் பழுதாகும்போது விட்டுவிட்டு எரியும். ஆறாவது விளக்கு அப்படி 22 நாள் கண்சிமிட்டியது. அத்தனை பேரும் பார்த்தோம், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நானும்தான் இருந்துவிட்டேன். கடைசியில் முற்றாக அணைந்த பிறகுதான் பொருளாளருக்கே தெரிந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விளக்குகளுக்கு மூன்று வீட்டு மீட்டர்களிலிருந்து கரண்ட் எடுத்தோம், வீட்டுக்கு மூன்று விளக்கு. வீட்டு இணைப்பைத் தெருவுக்குப் பயன்படுத்துவது விதிப்படி சரியல்ல என்று தெரியும். இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் கூடியதில் ஒரு வீட்டின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி, கட்டண அடுக்கே மாறிவிட்டது. சங்கத்தில் ஈடுகட்டப் பணமில்லை. அந்த வீட்டுக்காரர் வயரைக் கழற்றிவிட்டார். அவரைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது மீதி ஆறும் எப்போது நிற்கும் என்று தெரியாது.

ஆகவே எங்கள் கோரிக்கை இரண்டு பகுதியாக இருக்கிறது. முதலீடு முழுவதையும் நகராட்சியே போடட்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஐந்தாவது கம்பியை முதன்மைச் சாலையிலிருந்து 9 கம்பங்களுக்கும் நீட்டவும், நகராட்சி சுவிட்ச் பெட்டியோடு இணைக்கவும் ஆகும் செலவில், 'நமக்கு நாமே' திட்டத்தின்படி பொதுமக்கள் பங்கான மூன்றில் ஒரு பங்கைக் கட்டுகிறோம். முழுத்தொகையும் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும் என்று தாங்களும் நிபந்தனை வைத்தால், முன்பு போலவே இதுவும் வசூலாகிவிடும். மாட்டியிருக்கும் 9 விளக்குகளையும் ஒப்படைக்கிறோம்.

ஆனால் மாதாமாத மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் எங்கள் சந்தாவில் கட்டிவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அது வரிப்பணத்திலிருந்துதான் வர முடியும். 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் 17-ஆவது இனமாகத் தெருவிளக்கு நகராட்சிப் பணிகளில் இடம்பெற்றிருப்பதையும் நினைவூட்டுகிறோம். கூடவே ஒவ்வொரு கம்பத்திலும் எண்ணும் புகார் தொலைபேசி எண்ணும் எழுதச் சொன்னால், கண்சிமிட்டும் விளக்கைப் பற்றித் தெருவோடு போகிறவர்கூடச் சொல்ல முடியும்.

மழைக்காலத்துக்கு முன் வளைவில் இருக்கும் நான்காவது விளக்கையாவது முதலில் இணைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மூன்றாம் குறுக்குத் தெரு குடியிருப்போருக்காக)

இணைப்பு: 42 வீட்டார் கையொப்பம், 11 மாத வசூல் நோட்டின் நகல், கம்பங்களைக் குறித்த தெரு வரைபடம்.