பொங்கல் சாப்பாடு: பந்திக் கணக்கு

புதுச்சேரி
2.1.2026

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை விட்டுப் பனி பிடித்துக்கொண்டது. பீச் ரோட்டில் காலை நடைக்குப் போகிறவர்கள் எல்லாம் குல்லாவும் மஃப்ளருமாகத்தான் வருகிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

உங்கள் ஆபீஸ் பொங்கல் சாப்பாட்டுப் பொறுப்பு இந்த முறை உன் தலையில் விழுந்திருக்கிறது. 70 பேர், ஒரே ஹால், போன் ஓயக்கூடாது, லாரி நிற்கக்கூடாது. எந்தச் சமையல்காரரைப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறாய். சமையல்காரர் கிடைப்பார். முதலில் ஹாலை அளந்து பார். ஆபீஸ் விருந்து கெடுவது பெரும்பாலும் ருசியால் இல்லை, பந்தியால்தான்.

ஒரு தலைவாழை இலைக்கு மேஜையில் இரண்டடி வேண்டும். ஆறடி மேஜையில் ஒரு பக்கமாக மூன்று பேர். எதிர்ப்பக்கத்திலும் ஆளை உட்காரவைத்தால் பரிமாறுகிறவர் தோளுக்கு மேலே சாம்பார் வாளியை நீட்ட வேண்டிவரும், யாருடைய சட்டையிலாவது கொட்டும். எதிர்ப்பக்கம் வாளியோடு ஆள் நடக்க இடம் விட்டுத்தான் மேஜை போட வேண்டும். உங்கள் மீட்டிங் ஹாலில் இப்படி எட்டு மேஜை போடலாம் என்று வைத்துக்கொள்வோம். பந்திக்கு 24 பேர். 70 பேருக்கு மூன்று பந்தி. இனி நேரம், சமையல், வேலைப் பொறுப்பு எல்லாம் இந்த 24-ஐ வைத்துத்தான்.

பந்திக்கு 45 நிமிடம் ஒதுக்கு. இலை போட்டு உப்பும் ஊறுகாயும் வைக்க ஐந்து நிமிடம், சாப்பிட இருபத்தைந்து, இலை எடுத்து மேஜை துடைக்கப் பத்து, மிச்சம் ஐந்து கை கழுவும் இடத்துக்கு. அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். குழாய் இரண்டே இரண்டு இருந்து, ஆளுக்கு இருபத்தைந்து விநாடி என்றால், 24 பேர் கழுவி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். முதல் பந்தி எழுந்து கை கழுவும் நேரத்தில் இரண்டாம் பந்தியும் சாப்பிடப்போகுமுன் கழுவ வந்து நிற்கும். வராந்தாவில் ஒரு டிரம்மில் குழாய் வைத்து, கீழே ஒரு டப்பும் வைத்துவிடு, நெரிசல் குறையும். பந்தி நேரம் 12:15, 1:00, 1:45. இரண்டரைக்குள் ஹால் காலி.

நாள் விஷயம். பொங்கல் 15, வியாழன். 13-ஆம் தேதி மத்தியானமே பாதிப் பேர் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்கள். 9-ஆம் தேதி வெள்ளி வைக்கலாம் என்று உன் மேனேஜர் சொன்னதாக எழுதியிருந்தாய். பகல் 12:30-லிருந்து 2 வரை ஜும்மா. பள்ளிவாசலுக்குப் போகிற நாலு பேருக்கு எந்தப் பந்தியும் ஒத்துவராது. கடைசியில் அவர்களுக்கு மட்டும் தனியாக டப்பாவில் எடுத்து வைப்பீர்கள், அது நன்றாக இருக்காது. 12-ஆம் தேதி திங்கள் வை. ராகு காலம் காலை ஒன்பதோடு முடிந்துவிடும், பெரியவர் யாரும் வாய் திறக்க மாட்டார். திங்கள் காலையில் போன் அதிகம் வரும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வேகம் பதினொன்றரைக்குள் தணிந்துவிடும்.

இப்போது வேலைப் பொறுப்பு. ஒவ்வொரு செக்‌ஷனையும் மூன்றாகப் பிரி. "அக்கவுண்ட்ஸ் முதல் பந்தி, டிஸ்பாட்ச் இரண்டாம் பந்தி" என்று செக்‌ஷனையே மொத்தமாக அனுப்பாதே. எழுதுவதற்குச் சுலபம், ஆனால் முக்கால் மணி நேரம் அந்த செக்‌ஷனில் பதில் சொல்ல ஆள் இருக்காது, கஸ்டமர் அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார். முதலில் இரண்டே பேர் இருக்கிற இடங்களை எழுது: கேஷ், ஸ்டோர், கேட். அந்த இருவரையும் வேறு வேறு பந்தியில் போட்டபிறகு மற்றவர்களை நிரப்பு. ஒரே ஆள் இருக்கிற ரிசப்ஷனுக்கு யார் மாற்று என்று பெயர் எழுது. "யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பந்திக்குப் பத்து நிமிடம் முன்பே மாற்று ஆள் வந்து உட்கார வேண்டும், பாதியில் நிற்கிற வேலையை வாயால் சொல்லாமல் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். டிரான்ஸ்போர்ட்காரர்களுக்கு சனிக்கிழமையே போன் போட்டு, திங்கள் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை லோடிங் இல்லை என்று சொல்லிவிடு. அன்றைக்குச் சொன்னால் லாரி கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

பரிமாற ஆறு இலைக்கு ஓர் ஆள், ஆக நாலு பேர். தண்ணீருக்கும் அப்பளத்துக்கும் ஒருவர் சேர்த்து ஐந்து. முதல் பந்திக்கு மூன்றாம் பந்திக்காரர் பரிமாறட்டும், இரண்டாம் பந்திக்கு முதல் பந்தியில் சாப்பிட்டவர், மூன்றாவதுக்கு இரண்டாம் பந்தி ஆட்கள். கணக்குப் பார்: சாப்பிட 24, பரிமாற 5, எப்போதும் 41 பேர் வேலையில். மேனேஜரிடம் இந்த எண்ணைக் காட்டு, அவர் அனுமதிக்கு யோசிக்க மாட்டார். பசியோடு பரிமாறுகிற அந்த ஐந்து பேருக்கு மட்டும் பதினொன்றரைக்கு டீயும் கொஞ்சம் சுண்டலும் கொடு, இல்லாவிட்டால் வடைத் தட்டு இலைக்கு வருமுன்பே இளைத்துவிடும்.

கேட்டில் நிற்க வேண்டிய ஒருவர் இரண்டாம் பந்திக்குப் போகட்டும், மற்ற செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டிரைவர் இவர்களை முதல் பந்தியிலேயே உட்காரவை. கடைசிப் பந்திக்குத் தள்ளுகிற வழக்கத்தை உங்கள் ஆபீசில் நீயாவது நிறுத்து. கடைசிப் பந்தியில் நீயும் மேனேஜரும் உட்காருங்கள்.

சமையல் பட்டியல் சின்னதாக இருக்கட்டும். சர்க்கரைப் பொங்கல், மெதுவடை, சாதம், சாம்பார், ரசம், மோர், பரங்கியும் மொச்சையும் போட்ட கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், ஊறுகாய், வாழைப்பழம். சர்க்கரைப் பொங்கல் இருக்கும்போது பாயசம் வேண்டாம், இரண்டுமே பாதி பாதி மிஞ்சும். தை பிறக்கும்வரை சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஆபீசில் இருப்பார்கள். சிலர் வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள். பூண்டில்லாத ரசம், வெங்காயமில்லாத பொரியல், கூட்டு என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டால் அவர்களுக்குத் தனிப் பாத்திரம் தேவைப்படாது. சாம்பாரில் மட்டும் வெங்காயம் இருக்கும், அதைப் பந்தியில் சொல்லிவிட வேண்டும்.

அளவு: சாதத்துக்கு எட்டு கிலோ அரிசி போதும். கிலோவுக்கு ஒன்பது பேர் சாப்பிடுவார்கள். சாம்பார் 14 லிட்டர், ரசம் 8, மோருக்குத் தயிர் 5. வடை 80, அப்பளம் 150. சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சரிசி ஒன்றேகால் கிலோ, பாசிப்பருப்பு முந்நூறு கிராம், வெல்லம் இரண்டரை கிலோ. ஆளுக்கு ஒரு கரண்டி வந்து கொஞ்சம் மீறும். முந்திரிக்குப் பண்ருட்டி உங்களுக்குப் பக்கம்தானே, கால் கிலோ வாங்கிக் கொடுத்துவிடு. சமையல்காரர் கணக்கில் விட்டால் எண்ணித்தான் போடுவார். தலைவாழை இலை 80 சொல்லி வை. பொங்கல் நெருங்க நெருங்க விலை ஏறும், காய்ந்த இலையோ மடிப்பில் கிழியும். ஞாயிறு மாலை வாங்கி ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்தால் திங்கள் பகல்வரை வாடாது.

சாப்பாடு பதினொன்றரைக்கு வந்து இறங்க வேண்டும், அதற்கு அரை மணி முன்புதான் அடுப்பிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். "காலை எட்டுக்கே முடித்துவிடுவோம் சார்" என்று சொல்கிற சமையல்காரரை விட்டுவிடு. மூன்றாம் பந்தி இரண்டு மணிக்குச் சாப்பிடும். எட்டு மணிக்குச் செய்த தேங்காய்க் கூட்டு அதற்குள் புளிக்க ஆரம்பித்திருக்கும். மூடியைத் திறந்ததும் மேலே சின்னச் சின்ன நுரைக் குமிழ் தெரிந்தாலோ, கரண்டி தூக்கும்போது நூலாக இழுத்தாலோ அதை இலைக்கு அனுப்பாதே. சர்க்கரைப் பொங்கலின் தொல்லை வேறு. ஆற ஆறக் கஞ்சி இறுகிக் கட்டியாகும். சமைக்கும்போதே கொஞ்சம் தளர்த்தியாக இறக்கச் சொல். ஒரு பிளாஸ்க்கில் ஒரு லிட்டர் சுடுபாலும் ஒரு கிண்ணம் உருக்கிய நெய்யும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்திக்கும் முன்னால் கிளறினால் சரியாக இருக்கும்.

பாத்திரங்கள் வந்ததும் முதல் வேலை, மூன்றாம் பந்திக்கு உரிய 26 வடை, 50 அப்பளம், சர்க்கரைப் பொங்கலில் மூன்றில் ஒரு பங்கு இவற்றைத் தனியாக எடுத்து மூடிவிடுவது. சாதமும் சாம்பாரும் தானாகச் சமாளிக்கும். தீர்ந்துபோவது எப்போதும் வடைதான்.

நீ எழுதியிருந்த பொங்கல் பானை ஆசையைப் பற்றி. சிப்காட்டுக்குள் கெமிக்கல் கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அடுப்பு மூட்ட, கற்பூரம் கொளுத்தக்கூட சேஃப்டி ஆபீசரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. அவர் முடியாது என்றால் கேட்டு நிற்காதே. கோலம் போட்டு, கரும்பு கட்டி, மஞ்சள் கொத்து சுற்றிய வெறும் பானையை வைத்தால் போதும். அப்பளமும் வெளியிலேயே பொரித்து, காற்றுப் புகாத டின்னில் வரட்டும்.

அழைப்பை நீளமாக எழுதாதே. "12 மணி முதல் விருந்து" என்று மட்டும் போட்டால் 70 பேரும் பன்னிரண்டேகாலுக்கு வாசலில் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பந்தி நேரம் போக வேண்டும். இப்படி அனுப்பிப் பார்:

"ஜனவரி 12, திங்கள், நம் ஆபீஸ் பொங்கல் விருந்து. மீட்டிங் ஹாலில் இலைச் சாப்பாடு, முழுக்க சைவம். உங்கள் பந்தி: 1:00 மணி. 12:50-க்கு உங்கள் இடத்துக்கு மாற்று ஆள் வருவார், 12:55-க்குக் கை கழுவ வாருங்கள். முதல் பந்தியில் சாப்பிடும் ஐந்து பேர் உங்களுக்குப் பரிமாறுவார்கள். அன்று வரமுடியாது என்றாலோ, சாப்பாட்டில் ஏதாவது ஆகாது என்றாலோ, 8-ஆம் தேதி வியாழன் மாலை ஐந்துக்குள் சொல்லுங்கள். பந்தி மாற்ற வேண்டுமென்றால், வேறு பந்தியில் இடம் மாறிக்கொள்ள ஒருவரை நீங்களே பேசிவைத்துச் சொல்லுங்கள்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால், எல்லோரும் முதல் பந்தி கேட்டு உன் போனுக்குத்தான் வருவார்கள். வியாழன் மாலை வந்த எண்ணிக்கையை வெள்ளிக் காலை சமையல்காரரிடம் சொல்லிவிடு. அதற்குப்பிறகு இரண்டு பேர் கூடினாலும் குறைந்தாலும் அளவை மாற்றாதே.

ஹாலின் நீள அகலத்தையும், எந்தச் சுவரில் கதவு இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்பு. மேஜை எப்படிப் போடலாம் என்று படம் வரைந்து வைக்கிறேன். பொங்கலுக்கு மறுநாள் கடலூர் வருவேன், வீட்டில் சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய மச்சான்