குளக்கட்டின் அளவுத் தாளைத் தாருங்கள்

மதிப்புக்குரிய தகவல் அலுவலர் அவர்களுக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். எந்தக் குளம், எந்த அலுவலகம் என்று இந்த மடலில் எழுதவில்லை. கோப்பு உங்கள் கையில் இருக்கிறது, விபரம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். வன்னியில் ஒரு சிறு குளத்தின் கீழ் வயல் செய்கிற கமக்காரர்கள் சார்பில் எழுதுகிறேன். அந்தக் குளத்தின் கட்டு உயர்த்தப்பட்டது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு புதிதாக வைக்கப்பட்டது, திறப்பு விழாவும் நடந்தது. முதல் மாரியிலேயே கட்டின் வெளிச்சரிவை மழை அரித்து வாய்க்கால் வாய்க்காலாக இறக்கிவிட்டது. துருசடியில் இன்றுவரை கசிவு நிற்கவில்லை. இவை குறித்து நாங்கள் கேட்ட ஆவணங்களை இன்னும் நீங்கள் தரவில்லை.

போன கிழமை நடந்த ஒன்றால்தான் இதைப் பகிரங்கமாக எழுத வேண்டி வந்தது. எங்கள் அமைப்பில் உள்ள ஓர் அக்காவுக்குத் துருசுக்கு நேர் கீழே வயல். கணவர் இல்லை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியே கமம் செய்கிறவர். கசியும் தண்ணீர் அவருடைய வயலில்தான் முதலில் தேங்குகிறது. உழவு இயந்திரத்தை இறக்கினால் சில்லுப் புதைகிறது. விதைத்த இடத்தில் நெல் அழுகிப்போகிறது. அதே நேரம் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில்லை, ஏனென்றால் சிறுபோகத்துக்குத் தேக்கி வைத்திருக்க வேண்டிய நீர் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அவர் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, குள வேலையின் அளவுத் தாள்களைப் பார்க்க வேண்டும் என்று வாயால் கேட்டார். “எழுதிக்கொண்டு வாங்கோ” என்றார்கள். தனக்கு எழுத வராது என்றார். “அப்ப ஆர் சொல்லி வந்தனீங்கள்?” என்று கேட்டார்கள்.

ஐயா, அம்மா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உங்கள் மேசையிலேயே இருக்கும். எழுத்தில் கேட்க முடியாத பிரஜை வாயால் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு அவர் காரணம் சொல்லவும் தேவையில்லை. அந்த அக்காவின் கோரிக்கையை எழுதி எடுத்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். “ஆர் சொல்லி வந்தனீங்கள்” என்ற கேள்வி வேறு எங்காவது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். இந்த மண்ணில் அந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள் எத்தனை பேர், சந்தித்த பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அன்று வீட்டுக்குப் போனவர் இனிமேல் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டது தன் வயலுக்கு மேலே உள்ள கட்டின் அளவை மட்டும்தான்.

அமைப்பின் சார்பில் நாங்கள் எழுத்திலும் கேட்டோம். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து வந்த பதில் தொலைபேசியில்தான்: “குளம் உங்கடை ஊரிலைதானே இருக்கு, போய் அளந்து பாருங்கோவன்.” இந்தப் பதில் ஏன் பதிலாகாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் பிரச்சினையும் இதில்தான் இருக்கிறது.

குளக்கட்டு உயர்த்தும்போது, கட்டின் நீளத்தில் குறித்த இடைவெளிகளில் குறுக்குவெட்டு அளவு எடுக்கிறார்கள். வேலை தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீளத்தால் பெருக்கினால் எவ்வளவு மண் போடப்பட்டது என்று வரும். அந்தக் கணக்கில்தான் காசு கொடுக்கப்படுகிறது. உதாரணத்துக்கு 300 மீற்றர் நீளக் கட்டில் சராசரியாக 4 சதுர மீற்றர் குறுக்குவெட்டுக் கூடியிருக்கிறது என்று எழுதினால் 1,200 கன மீற்றர் மண்ணுக்குப் பணம் போகும். உண்மையில் கூடியது 2.5 சதுர மீற்றர் என்றால் போட்ட மண் 750 கன மீற்றர்தான். மிச்சம் 450 கன மீற்றர் மண் தாளில் மட்டும் இருக்கும். எங்கள் குளத்தில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததா இல்லையா என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி உங்களிடம் இருக்கிறது என்கிறேன். புது மண்ணைக் கொட்டிய பிறகு பழைய கட்டு அதற்குள் மூடுண்டு போகிறது. இன்றைக்கு நாங்கள் நாடா பிடித்தால் இன்றைய உயரம் தெரியும். வேலைக்கு முன் என்ன உயரம் இருந்தது என்பது வேலைக்கு முந்திய அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. அதோடு எந்த மண்கட்டும் மழைக்குக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆகவே முடிவு அளவுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒப்பந்தக்காரரைக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அந்தத் தாள்கள் வெளியே வருவது அவருக்கும் பாதுகாப்புத்தான்.

மண்ணின் அளவு ஒருபுறம், அதை இறுக்கிய விதம் இன்னொருபுறம். மண்ணைச் சிறு படைகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து, ஒவ்வொரு படையையும் உருளையால் இறுக்கித்தான் கட்டை ஏற்ற வேண்டும். பெக்கோவால் குவித்துவிட்டு மேலே ஓடி மட்டம் பண்ணினால் வெளிப்பார்வைக்குக் கட்டு அழகாகத்தான் இருக்கும். தண்ணீர் ஏறும்போதுதான் தெரியவரும்: முதலில் மேலே நீளவாக்கில் வெடிப்பு, பிறகு வெளிச்சரிவில் அரிப்பு, துருசின் கொங்கிறீற்றும் மண்ணும் சேருகிற இடத்தில் கசிவு. எங்கள் குளத்தில் மூன்றும் தெரிகின்றன. இறுக்கப் பரிசோதனை நடந்திருந்தால் அதற்கு அறிக்கை இருக்கும். நடக்கவில்லை என்றால், அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று எழுத்தில் தாருங்கள். அதுவும் எங்களுக்கு ஒரு தகவல்தான்.

பிறகு, ஒப்பந்தக்காரரின் தனிப்பட்ட விடயம், வர்த்தக இரகசியம் என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். 5ஆம் பிரிவில் வர்த்தக நம்பிக்கைக்கு விலக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. அதே 5ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவையும் வாசியுங்கள்: வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிதாக இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். மக்கள் பணத்தில், மக்களின் குளத்தில், எத்தனை கன மீற்றர் மண் போடப்பட்டது என்பது யாருடைய வர்த்தக இரகசியம்? மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பும் மேன்முறையீட்டில் உங்களுடையதே ஒழிய எங்களுடையதல்ல.

எங்களை மிகவும் வருத்துவது பற்றுச்சீட்டு விடயம். கோரிக்கை கிடைத்தது என்று உடனே எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். உங்கள் அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கி வைப்பார்கள், அத்தாட்சி தரமாட்டார்கள். இது சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் காலக்கணக்கு முழுவதும் அந்தத் துண்டில்தான் தொடங்குகிறது: 14 வேலை நாட்களுக்குள் உங்கள் முடிவு, அது வராவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம், அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. தொடக்கத் திகதிக்கு அத்தாட்சி இல்லாவிட்டால் பிந்திய ஒவ்வொரு படியிலும் “உங்கள் விண்ணப்பம் எப்போது கிடைத்தது” என்ற தர்க்கம்தான் மிஞ்சும். வாய்ப்பதிலும் அப்படித்தான். தொலைபேசியில் சொன்ன மறுப்பை எந்த மேன்முறையீட்டோடு இணைப்பது? இதனால்தான் இப்போது எங்கள் ஆட்கள் எதையும் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்சீட்டைக் கவனமாக எடுத்துவைக்கிறார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறவர்கள் அதே அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டிய நிலையை நீங்கள்தான் உண்டாக்கினீர்கள்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. வேலை முடிந்தாலும் ஒப்பந்தக்காரருக்குரிய பணத்தில் ஒரு பங்கைக் குறைபாட்டுக் காலம் முடியும்வரை தடுத்து வைப்பது வழக்கம். அந்தக் காலத்துக்குள் குறை சொன்னால் அவர் செலவிலேயே திருத்த வேண்டும். காலம் முடிந்து பணம் விடுவிக்கப்பட்டால், துருசடியைத் திருத்த மீண்டும் அரசின் பணம்தான் வேண்டும், அதற்கு நாங்கள் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதே எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒப்பந்தத்தின் பிரதி தரப்படவில்லை. நீங்கள் கடத்துகிற ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது. இது தற்செயலா என்று ஊரில் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இந்தக் குளத்தோடு முடிகிற கதையும் அல்ல இது. வீட்டுத்திட்டப் பட்டியல், வரட்சி நிவாரணப் பட்டியல், காணிக் கச்சேரித் தீர்மானங்கள் என்று எதைக் கேட்டாலும் வன்னியில் ஒரே பதில்தான்: மேலிடத்தில் கேளுங்கள். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விபரம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் ஊருக்கு முதலில் வந்தது பெக்கோதான்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாரையும் சிறைக்கு அனுப்பக் கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் மழையிலும் வெயிலிலும் குளத்தில் நின்று எங்களோடு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் மறக்கவில்லை. பணிவோடு மறுபடி கேட்பது இதுதான்.

வேலைக்கு முந்திய, பிந்திய குறுக்குவெட்டு அளவுத் தாள்களைத் தாருங்கள். அவற்றோடு மதிப்பீடு, ஒப்பந்தம், பணம் கொடுத்த சிட்டைகள், இறுக்கப் பரிசோதனை அறிக்கை, தடுத்து வைத்த பணம் விடுவிக்கப்பட்டதா இல்லையா என்ற விபரம் ஆகியவற்றின் பிரதிகளையும் தமிழில் ஒரு முகக்கடிதத்தோடு தாருங்கள். பிரதி எடுக்கும் கட்டணத்தைக் கட்டுகிறோம். பிரதி எடுக்க வசதி இல்லையென்றால் கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாளை எழுத்தில் குறித்துத் தாருங்கள். வேலை தெரிந்த ஒருவரோடு வருகிறோம். எதைத் தர முடியாதோ, அதை எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுதித் தாருங்கள்.

அந்த அக்கா திரும்ப வருவாரா தெரியாது. வந்தால், அவர் சொல்வதை உங்கள் அலுவலர் ஒருவர் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, திகதியிட்ட பற்றுச்சீட்டை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன் துருசடி திருத்தப்பட வேண்டுமென்றால் குளம் வற்றியிருக்கும் இந்த மாதங்கள்தான் இருக்கின்றன. ஆகையால் விரைவாகத் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்கள் சார்பில் ஒருவர்