இடிந்த பாலம் நேற்றைய படத்தில் எப்படி நிற்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் கடல் சீற்றமாக இருந்த நாளுக்கு மறுநாள், தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு ஒரு படம் வெளியிட்டு, அதன் கீழே "புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நேற்று ஆர்ப்பரித்த அலைகள்" என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்தப் படம் நேற்று எடுத்தது அன்று. அதைத் தெரிவிப்பதற்காகத் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, மறுமுனையில் இருந்தவர் நான் சொன்னதை முழுவதும் கேட்காமலே, "அலை எந்த வருஷம் அடிச்சாலும் அலைதானே சார்" என்று கூறி வைத்துவிட்டார். முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வீட்டில் வரவழைப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியம் என்னைப் பெரிதும் வருத்தியது.

அலையைப் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது அலை மட்டும் அன்று. தலைமைச் செயலகத்தின் எதிரே நின்று தெற்கு நோக்கி எடுத்த படம் அது. இடப்பக்கம் கடல், அதன் கோடியில் மங்கலாகப் பழைய துறைமுகப் பாலம். அந்தப் பாலம் எங்கும் அறுபடாமல், கரையிலிருந்து கடலுக்குள் ஒரே கோடாக நீண்டு நிற்கிறது. அதன் ஒரு பகுதி 2022 மார்ச் மாதம் கடல் கொந்தளிப்பில் இடிந்து விழுந்ததைத் தங்கள் நாளிதழே அன்று செய்தியாக்கியிருக்கிறது. துறைமுகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பாலத்தின் மேல் எத்தனை நாள் நடந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இடிந்த பாலம் முழுமையாகத் தெரியும் ஒரு படம் 2022 மார்ச்சுக்குப் பிந்தையதாக இருக்க வழியில்லை என்பதைச் சொல்லக் கணினியும் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

பாலத்தைப் போல மணலையும் ஒரு சான்றாகக் கொள்ளலாமா என்று முதலில் எண்ணினேன். அந்த இடத்தில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் கருங்கற்களுக்கு முன்னால் மணல் சேரத் தொடங்கியது. தங்கள் படத்திலோ கருங்கல் மட்டுமே தெரிகிறது. ஆயினும் சீற்றமான நாளில் அலை மணலை மூடிவிடும், சில மாதங்களில் கடலே அள்ளியும் போய்விடும் என்பதால் அதை விட்டுவிட்டேன். ஒருமுறை போனால் திரும்பி வராத பொருளைத்தான் காலத்துக்குச் சாட்சியாக நிறுத்த வேண்டும்.

ஆனால் என் கண்ணை மட்டும் வைத்துத் தங்களைக் குறை கூறக் கூடாது என்பதற்காகப் படத்தையே இணையத்தில் தேடினேன். அச்சிட்ட தாளைக் கைப்பேசியில் படமெடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்தபோது, ஒடிசாவிலும் கேரளத்திலும் எடுத்த வெவ்வேறு கடற்கரைப் படங்கள்தாம் வந்தன; அச்சின் மைப் புள்ளிகளும் தாளின் மடிப்பும் சேர்ந்தால் இந்தத் தேடல் தடுமாறும். அடுத்து, தங்கள் மின்னிதழிலிருந்து படத்தை எடுத்து, கீழிருந்த எழுத்தையும் சுற்றியிருந்த வண்ணக் கட்டத்தையும் வெட்டி நீக்கிவிட்டு மீண்டும் கொடுத்தேன். இம்முறை அதே படம் பல பக்கங்களில் இருப்பது தெரிந்தது. TinEye என்ற தளத்திலும் அதையே கொடுத்து, முடிவுகளை Oldest என்ற வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். அங்கே காட்டப்படும் தேதி அந்தத் தளம் படத்தை முதலில் கண்ட தேதியே ஒழிய, படம் எடுத்த தேதியோ வெளியான தேதியோ அன்று. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து அதில் அச்சாகியிருந்த தேதியைப் படித்தேன். பழைய செய்திக்குள் பின்னாளில் வேறு படத்தைச் செருகவும் முடியும் என்பதால் ஒரே பக்கத்தை நம்பவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று செய்தித் தளங்கள் இதே படத்தை 2020 நவம்பர் இறுதியில், நிவர் புயல் நம் ஊரை நெருங்கிய நாள்களில், வெளியிட்டிருக்கின்றன.

அவற்றுள் ஒன்றில் இருந்த படம் தங்களுடையதைவிட அகலமானது. தாங்கள் வெட்டிவிட்ட வலது ஓரத்தில், மழையங்கி அணிந்த ஒரு காவலரும் குடையுடன் ஒரு பெண்மணியும் நிற்கிறார்கள்; இருவர் முகத்திலும் முகக்கவசம். ஆகவே படம் கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த நவம்பருக்குப் பிந்தையதாக இருக்கவே முடியாது. ஓரத்தை இடப்பற்றாக்குறையால் வெட்டினீர்கள் என்றே நம்ப விரும்புகிறேன். ஆனால் அப்படி வெட்டியதால் வாசகர் கண்டுகொள்ளக்கூடிய மிக எளிய சான்று மறைந்துபோனது என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது முதல் முறையும் அன்று. 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கரையைக் கடந்த சமயம், "கடலூர் அருகே சாய்ந்த மரங்கள்" என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஃபெஞ்சல் எங்களைத் தண்ணீரில் மிதக்கவிட்ட புயல். வேரோடு பிடுங்கிய முந்திரித் தோப்பும் வரிசையாக முறிந்த மின்கம்பங்களும் 2011 டிசம்பரில் வந்த தானே புயலின் அடையாளம். அந்தப் படத்தில் ஒரு கடையின் மேல் ஏர்செல் விளம்பரப் பலகை புத்தம் புதிதாக இருந்தது. அந்த நிறுவனம் 2018இல் சேவையை நிறுத்திவிட்டது. நிறுவனம் போன பிறகும் பலகை பல ஆண்டுகள் தொங்கும் என்பதால் அதை முடிவான சான்றாகக் கொள்ளாமல், அன்றும் தேடிப் பார்த்து, 2012 ஜனவரியில் வெளியான ஒரு செய்தியில் அதே படத்தைக் கண்டேன். அப்போது தங்களுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை. பண்ருட்டியில் இருக்கும் என் தங்கை, தன் பங்குத் தோப்பும் போய்விட்டதென்று அந்தப் படத்தைப் பார்த்து அன்று காலை அழுதாள். அவள் தோப்பில் ஒரு கிளைகூட முறியவில்லை.

தங்கள் நிருபருக்கு அந்த நாளில் கடற்கரைக்குப் போக முடியாத சூழல் இருந்திருக்கலாம், ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்ததை நம்பியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் கடந்து வரும் படத்தில் எடுத்த நாள், கருவி முதலிய குறிப்புகள் நீங்கிவிடும் என்பது அலுவலகத்தில் அனைவருக்கும் தெரிந்ததே. தேடலில் எதுவும் அகப்படாத படமும் புதியதென்று ஆகிவிடாது. யாரும் இணையத்தில் ஏற்றாத பழைய படமாகவும் அது இருக்கலாம் என்பதால், அனுப்பியவரை அழைத்து மூலக் கோப்பைக் கேட்பதுதான் முறை. எனக்கு இந்த வேலைக்கு ஆன நேரம் முழுதாக நாற்பது நிமிடம். செய்தியை அச்சுக்கு அனுப்பும் மேசையில் அந்த நாற்பது நிமிடம் கிடைக்காதென்றால், பாலத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கும் ஒரு நிமிடமாவது கிடைத்திருக்க வேண்டும்.

நான் கேட்பது இரண்டே. அந்தப் படம் 2020இல் வெளியானது என்ற திருத்தத்தை, படம் வந்த முதல் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். இனிப் பழைய படத்தைப் பயன்படுத்தினால் "கோப்புப் படம்" என்பதோடு மாதத்தையும் ஆண்டையும், படக்குறிப்பின் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டுகிறேன். மூன்று பக்கங்களின் முகவரிகளையும் வெட்டப்படாத படத்தின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
வம்பாகீரப்பாளையம், புதுச்சேரி